ஓய்வுபெறும் கணக்காளர் விட்டுச்செல்லும் ஐந்து விகிதங்கள்

ஓய்வுபெறும் கணக்காளர் எழுதிவைக்கும் ஒப்படைப்புக் குறிப்பில் மிகவும் பயன்படுவது விகிதங்களுக்கான பக்கம். வங்கிக் கணக்குகளின் பட்டியல், வரி கட்ட வேண்டிய தேதிகள், கோப்புகள் இருக்கும் இடம் எல்லாம் யாரையாவது கேட்டாலும் கிடைத்துவிடும். ஆனால் மாதாமாதம் எந்த விகிதத்தைப் பார்க்க வேண்டும், அதை எந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் விசாரிக்க வேண்டும், யாரிடம் விசாரிக்க வேண்டும் என்பவை அதே கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவருக்கே தெரியும். எழுதிவைக்காவிட்டால் அவரோடு போய்விடும்.

விகிதங்களுக்குப் பஞ்சமில்லை. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 2021 மார்ச்சில் திருத்தப்பட்ட பிறகு, கம்பெனிகள் தங்கள் ஆண்டுக் கணக்கில் 11 விகிதங்களைக் காட்ட வேண்டும். முந்தைய ஆண்டைவிட ஒரு விகிதம் 25 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் காரணமும் எழுத வேண்டும். டாலி மென்பொருளில் Ratio Analysis என்ற பக்கத்தைத் திறந்தால் விகிதங்கள் தாமாகவே கணக்கிடப்பட்டு நிற்கும். இருந்தாலும் ஆண்டுக் கணக்கு விகிதங்கள் பங்குதாரருக்கும் வங்கிக்கும் உரியவை. ஆண்டு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் கைக்கு வரும். மாதந்தோறும் பார்க்க வேண்டியவை வேறு. வங்கியின் சிசி கணக்கை, அதாவது கேஷ் கிரெடிட் கடனை நம்பி ஓடும் தொழிலில், லாபம் குறைவது கணக்கில் தெரிவதற்கு முன்பே பணம் எங்காவது முடங்கத் தொடங்கியிருக்கும். அந்த இடத்தை முதலில் காட்டும் விகிதங்களே ஒப்படைப்புக் குறிப்பில் இருக்க வேண்டியவை. வசூல் நாட்கள், சரக்கு நாட்கள், பட்டுவாடா நாட்கள், மொத்த லாப விகிதம், நடப்பு விகிதம் என அவை ஐந்து. இந்த வரிசைக்கும் காரணம் உண்டு.

விளக்கத்துக்காகக் கோவையில் மோனோபிளாக் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்கே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காகப் போடப்பட்டவை. ஆண்டு விற்பனை 12 கோடி ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பில் மதிப்பு 14.16 கோடி. பவுண்டரிகளிலிருந்து காஸ்டிங்கும், பெரிய ஆலைகளிலிருந்து தாமிர வைண்டிங் ஒயரும் ஸ்டாம்பிங்கும் வருகின்றன. கடைசல் வேலையில் ஒரு பகுதி வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகிறது. பம்புகள் டீலர்களுக்குக் கடனில் விற்கப்படுகின்றன. கோடையை ஒட்டிய மாதங்களில் விற்பனை ஏறும். மழை தொடங்கியதும் இறங்கும்.

வசூல் நாட்கள்

டீலர்களிடம் நிற்கும் பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்பதே வசூல் நாட்கள். பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365 ஆல் பெருக்குவது பாடப்புத்தக வழி. இதில் இரண்டு தவறுகள் நேரலாம்.

முதல் தவறு ஜிஎஸ்டியால் வருவது. டீலரின் பாக்கியில் வரி சேர்ந்திருக்கும். லாப நட்டக் கணக்கின் விற்பனையில் வரி இருக்காது. ஜனவரி முடிவில் பாக்கி 2.36 கோடி என்று வைத்துக்கொண்டால், 12 கோடியால் வகுக்கும்போது 72 நாள் வரும். வரி சேர்ந்த 14.16 கோடியால் வகுத்தால் 61 நாள்தான். முன்னவர் ஒரு வழியிலும் பின்னவர் வேறு வழியிலும் போட்டால், எதுவுமே நடக்காமல் வசூல் 11 நாள் மோசமானது போலத் தெரியும். அதனால் எந்த விற்பனைத் தொகையால் வகுப்பது என்பதைக் குறிப்பில் முதல் வரியாகவே எழுத வேண்டும்.

இரண்டாவது தவறு சீசனால் வருவது. இதைக் கண்டுபிடிப்பது கடினம். இந்தத் தொழிற்கூடத்தில் மே முடிவில் பாக்கி 3.40 கோடி. ஜூனில் 80 லட்சத்துக்குப் பில் போட்டு 1.10 கோடி வசூலித்ததால், ஜூன் முடிவில் பாக்கி 3.10 கோடியாகக் குறைந்திருக்கிறது. ஆண்டு விற்பனையால் வகுத்தால் 88 நாளாக இருந்தது 80 ஆக இறங்கியிருக்கிறது. முதலாளிக்கும் நிம்மதி.

உண்மையில் நிலைமை மோசமாகியிருக்கிறது. அதைக் காட்டுவது பின்னோக்கிக் கழிக்கும் முறை. பாக்கியிலிருந்து கடைசி மாதப் பில்லை முதலில் கழித்து, பிறகு அதற்கு முந்தைய மாதம், அதற்கும் முந்தைய மாதம் என்று பாக்கி தீரும்வரை போக வேண்டும். ஜூன் முடிவின் 310 லட்சத்தில் ஜூன் பில் 80 லட்சம் போனால் 30 நாள் கணக்காகி 230 மிஞ்சும். மே பில் 150 லட்சம் போனால் இன்னும் 31 நாள். மிஞ்சுவது 80 லட்சம். ஏப்ரல் பில் 160 லட்சம். அதில் பாதிதான் தேவை, ஆக 15 நாள். மொத்தம் 76 நாள். மே முடிவுக்கு இதே கணக்கைப் போட்டால் மே 150, ஏப்ரல் 160, மார்ச் பில்லில் 30 லட்சம் என்று 67 நாள்தான் வரும். பாக்கித் தொகை 30 லட்சம் குறைந்தபோதே வசூல் 9 நாள் பின்தங்கியிருக்கிறது. புதிய பில் குறைந்ததால்தான் பாக்கி குறைந்தது. பழைய பில்கள் நகரவில்லை.

நாட்கள் ஏறியதும் அடுத்து எடுக்க வேண்டியது பாக்கியின் வயதுப் பட்டியல். 30 நாள்வரை, 60 நாள்வரை, 90 நாள்வரை, அதற்கும் மேல் எனப் பிரித்தால் பணம் எந்த டீலரிடம் நிற்கிறது என்பது தெரியும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். டீலருக்கே விற்பனை இல்லாமல் இருக்கலாம். அல்லது வாரண்டியில் திருப்பிய பம்புக்கும் தள்ளுபடித் திட்டத்துக்கும் தர வேண்டிய கிரெடிட் நோட்டைத் தொழிற்கூடம் போடாமல் வைத்திருக்கலாம். 40,000 ரூபாய்க் கிரெடிட் நோட்டுக்காக 6 லட்சம் ரூபாய் பில்லை டீலர் நிறுத்திவைப்பது நடக்கக்கூடியதே. முதல் காரணத்துக்கு விற்பனைப் பிரிவைக் கேட்க வேண்டும். இரண்டாவதைக் கணக்குப் பிரிவே தீர்க்க முடியும்.

90 நாள் என்ற கோடு முக்கியமாவது வங்கியால். சிசி கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்பது இரண்டு எண்களைப் பொறுத்தது. ஒன்று அனுமதித்த வரம்பு. சிறு தொழில்களுக்கு ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகத் தரலாம் என்ற நாயக் குழுவின் கணக்குப்படி, 12 கோடிக்கு அது 2.40 கோடி. மற்றொன்று டிராயிங் பவர். மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து வங்கி இதைக் கணக்கிடும். இரண்டில் எது குறைவோ அதுவே எடுக்கக்கூடிய தொகை.

டிராயிங் பவர் கணக்கு இப்படிப் போகும். சரக்கு 190 லட்சம். அதற்காகக் கொடுக்க வேண்டிய பாக்கி 120 லட்சத்தைக் கழித்தால் 70 லட்சம். மார்ஜின் 25 சதவீதம் என்று கொண்டால் 52.5 லட்சம். டீலர் பாக்கி 310 லட்சத்தில் 90 நாளைத் தாண்டிய 28 லட்சத்தைத் தள்ளினால் 282 லட்சம். அதில் 75 சதவீதம் 211.5 லட்சம். இரண்டும் சேர்ந்து 264 லட்சம். வரம்பைவிட அதிகம் என்பதால் 240 லட்சம்வரை எடுக்கலாம். மார்ஜினும் நாள் கணக்கும் வங்கிக்கு வங்கி மாறும்; அனுமதிக் கடிதத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம் மற்றவை அப்படியே இருக்க, 90 நாள் தாண்டிய பாக்கி மட்டும் 70 லட்சமானால் டிராயிங் பவர் 232.5 லட்சமாகச் சுருங்கும். சிசி கணக்கில் ஏற்கெனவே 236 லட்சம் எடுத்திருந்தால், வரம்புக்குள் இருந்தும் 3.5 லட்சம் மீறல். இந்த மீறல் தொடர்ந்து 30 நாளைத் தாண்டினால் கணக்கு எஸ்எம்ஏ–1 என்ற எச்சரிக்கை வகைக்கும், 60 நாளைத் தாண்டினால் எஸ்எம்ஏ–2 வகைக்கும், 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் வகைக்கும் போகும். லாபத்தில் ஓடும் தொழிற்கூடத்துக்கும் இது நேரலாம். வசூல் நாட்கள் பட்டியலில் முதலாவதாக இருப்பது இதனால்தான்.

சரக்கு நாட்கள்

கையிருப்புச் சரக்கு எத்தனை நாள் ஓட்டத்துக்குப் போதும் என்பதைச் சரக்கு நாட்கள் காட்டும். விற்பனை விலையால் வகுத்தால் லாபமும் சேர்ந்துகொண்டு நாட்கள் குறைவாகத் தெரியும். அடக்க விலையால்தான் வகுக்க வேண்டும். 190 லட்சம் சரக்கை மொத்தமாக வகுப்பதிலும் பயன் குறைவு. அதில் மூலப்பொருள், பாதி முடிந்தது, முடிந்த பம்ப் என மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறுவதற்குக் காரணம் வேறு.

மூலப்பொருள் 78 லட்சம். மாதத்துக்கு 65 லட்சம் செலவாகிறது என்றால் 36 நாள். இது ஏறினால் கொள்முதல் பிரிவைக் கேட்க வேண்டும். தாமிர விலை ஏறும் என்று நினைத்து முன்கூட்டி வாங்கியிருக்கலாம். அது தெரிந்தே எடுத்த முடிவு என்றால் முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாதி முடிந்த சரக்கு 36 லட்சம். இது ஏறினால் ஏதோ ஒரு பாகம் வந்து சேரவில்லை என்றே முதலில் நினைக்க வேண்டும். மோட்டார்கள் சுற்றி முடிந்து, பம்ப் காஸ்டிங் வராததால் தளத்தில் அடுக்கியிருக்கும். காஸ்டிங் வராததற்குக் காரணம் பல நேரம் பவுண்டரிக்குப் பணம் போகாததாக இருக்கும். இந்த எண்ணை அடுத்து வரும் பட்டுவாடா நாட்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

முடிந்த பம்ப் 76 லட்சம். இதைக் கடந்த மாத விற்பனையால் வகுப்பதைவிட, அடுத்த மாதம் அனுப்பக்கூடிய பம்புகளின் அடக்க விலையால் வகுப்பது பொருத்தம். ஜூலையில் அனுப்பக்கூடியது 45 லட்சம் என்றால் கையில் இருப்பது சுமார் 50 நாள் சரக்கு. டிசம்பரில் இதே 50 நாள் இயல்பு, சீசனுக்காகக் கட்டிவைத்தது. ஜூனில் அது விற்காமல் தங்கியது. எனவே சரக்கு நாட்களைப் போன மாதத்தோடு ஒப்பிடுவதைவிடப் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும்.

இதனுடன் சேர வேண்டியது, ஆறு மாதமாக ஸ்டோரிலிருந்து வெளியே போகாத பொருட்களின் பட்டியல். ஆர்டர் ரத்தான பெரிய ஹெச்பி பம்புகளும், வடிவம் மாறியதால் பயன்படாத காஸ்டிங்கும் அதில் இருக்கும். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் குறைவானதையே சரக்கு மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பது கணக்கியல் விதி. உருக்க மட்டுமே உதவும் காஸ்டிங்கைப் புதிய விலையில் வைத்திருந்தால் ஏட்டில் காட்டும் லாபமும் பொய்யாகும்.

வங்கிக்குக் கொடுக்கும் சரக்குத் தொகையும் ஏட்டில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். சரக்கையும் பாக்கியையும் ஈடாக வைத்துக் கடன் வாங்கிய கம்பெனி, வங்கிக்கு அனுப்பிய காலாண்டு அறிக்கைகள் ஏட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பதை ஆண்டுக் கணக்கில் வெளியிட வேண்டும். வேறுபட்டால் காரணம் சொல்ல வேண்டும். தோராயமாக ஒரு தொகையை எழுதி வங்கிக்கு அனுப்பும் பழைய வழக்கம் இன்று தணிக்கையில் வெளிப்படும்.

பட்டுவாடா நாட்கள்

சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாட்களே இது. நாள் கூடினால் கையில் பணம் நிற்கும் என்பதால் இதை நீட்டிப்பது சாமர்த்தியமாகக் கருதப்பட்டு வந்தது. சப்ளையர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் சட்டம் அதற்கு எல்லை வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். அந்த வட்டியை வருமான வரிக்குச் செலவாகக் காட்டவும் முடியாது.

2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதை வருமான வரியோடும் இணைத்தது. கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று கொடுக்கப்படாமல் நிற்கும் தொகை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாக ஏற்கப்படும். ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள் கொடுத்துவிட்டேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது. பவுண்டரிகளுக்கும் ஜாப் ஒர்க் கூடங்களுக்கும் கெடு தாண்டி 40 லட்சம் நின்றால், அந்த ஆண்டின் வரி சுமார் 10 லட்சம் கூடும். அடுத்த ஆண்டு அது கழிவாகத் திரும்பினாலும், இந்த ஆண்டின் பணத்தட்டுப்பாடு உண்மையானது.

இந்த விகிதத்தில் ஏமாற்றுவது சராசரி. தொழிற்கூடம் மாதம் 80 லட்சத்துக்குக் கொள்முதல் செய்கிறது. கொடுக்க வேண்டியது 120 லட்சம். வகுத்தால் சரியாக 45 நாள். சட்டத்துக்கு உட்பட்டது போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் படம் மாறும். தாமிரமும் ஸ்டாம்பிங்கும் தரும் பெரிய ஆலைகளின் பங்கு மாதம் 40 லட்சம். அவர்கள் 15 நாளில் பணம் வாங்கிவிடுவதால் அங்கே நிற்பது 20 லட்சம்தான். மீதி 100 லட்சம் சிறு பவுண்டரிகளுக்கும் கடைசல் கூடங்களுக்கும் உரியது. அவர்களிடம் வாங்குவதும் மாதம் 40 லட்சம். ஆக அவர்கள் காத்திருப்பது 75 நாள். விற்பனை விலையைக் கட்டுப்படுத்தும் பெரிய சப்ளையருக்கு உடனே பணம், கேட்கத் தயங்கும் சிறியவருக்குத் தாமதம் என்பது பரவலான பழக்கம். சராசரி இதை மறைத்துவிடும்.

அதனால் இந்த விகிதத்தை இரண்டாகப் போட வேண்டும். அதற்கு எந்தச் சப்ளையர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருக்கிறார் என்பது ஏட்டில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உத்யம் சான்றின் நகலை வாங்கி வைத்து, டாலியில் அந்தச் சப்ளையர்களைத் தனிக் குழுவாகப் பிரித்துவிட்டால் மாதந்தோறும் பட்டியல் எடுப்பது எளிது. வெறும் வியாபாரிகளுக்கு இந்தக் கெடு பொருந்தாது. தயாரிப்பாளருக்கும் சேவை தருபவருக்குமே பொருந்தும். குறிப்பில் இந்த வேறுபாடும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பின்னவர் தேவையில்லாத இடத்தில் அவசரப்பட்டு, தேவையான இடத்தில் தாமதிப்பார்.

மொத்த லாப விகிதம்

விற்பனையில் மூலப்பொருளும் ஜாப் ஒர்க் கூலியும் போக நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே இங்கே மொத்த லாபம். எதைக் கழிப்பது என்பது ஒவ்வொரு தொழிற்கூடத்திலும் மாறும். மின்கட்டணத்தை ஒருவர் கழிப்பார், இன்னொருவர் கழிக்கமாட்டார். எதைத் தேர்ந்தாலும் மாதாமாதம் அதையே தொடர்வதுதான் முக்கியம். இந்தத் தொழிற்கூடத்தில் அது 34 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்த விகிதம் மாதாந்திரக் கணக்கில் தாவிக் குதிப்பதற்கு முதல் காரணம் இறுதிச் சரக்கு. ஜூன் விற்பனை வரி நீங்கலாக 68 லட்சம். மாதக் கடைசிச் சரக்கு மதிப்பில் 5 லட்சம் பிழை இருந்தால் லாப விகிதம் 7 புள்ளிக்கு மேல் மாறிவிடும். ஆண்டுக் கணக்கில் அதே 5 லட்சம் அரைப் புள்ளிகூட இல்லை. டாலியில் சரக்குக் கணக்கைத் தனியாக நடத்தாமல், இறுதிச் சரக்கைக் கையால் போடும் இடங்களில் அந்த எண் புதுப்பிக்கப்படாவிட்டால் திரையில் வரும் மொத்த லாபத்துக்கு அர்த்தமே இல்லை. ஆகவே லாப விகிதம் சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ முதலில் சரிபார்க்க வேண்டியது சரக்கு. எல்லாப் பொருளையும் மாதந்தோறும் எண்ண முடியாது. வைண்டிங் ஒயர் போன்ற விலை உயர்ந்த சில பொருட்களை எடை போட்டுப் பார்த்தாலே பெரும்பாலான பிழை அகப்படும்.

சரக்கு சரியாக இருந்தும் விகிதம் இறங்கினால் பார்க்க வேண்டியது தாமிரம். நூறு ரூபாய் விற்பனையில் தாமிரத்தின் பங்கு 15 ரூபாய் என்றால், தாமிர விலை 10 சதவீதம் ஏறும்போது லாபத்தில் ஒன்றரை ரூபாய் போகும். டீலர் விலைப்பட்டியலை எப்போது மாற்றுவது என்ற முடிவுக்கு இந்த எண்தான் ஆதாரம்.

மூன்றாவது காரணம் தள்ளுபடி. ஆண்டு முழுவதும் வாங்கிய அளவைப் பார்த்து டீலருக்கு மார்ச்சில் டர்ன்ஓவர் டிஸ்கவுண்ட் கொடுப்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். அது சராசரியாக 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 லட்சம். மொத்தமும் மார்ச்சில் பதிவானால் பதினொரு மாதம் லாபம் மிகையாகத் தெரிந்து, மார்ச்சில் சரிந்து விழும். மாதந்தோறும் 3 சதவீதத்தைச் செலவாக ஒதுக்கி வைத்தால்தான் விகிதம் நிஜத்தைக் காட்டும். முன்னவர் இப்படி ஒதுக்கி வந்தாரா என்பது குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய செய்தி.

நடப்பு விகிதம்

ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய சொத்துகளை, ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டிய கடன்களால் வகுத்தால் நடப்பு விகிதம். வங்கிகள் முதலில் பார்ப்பது இதைத்தான். 1974இல் அமைக்கப்பட்ட டாண்டன் குழு வகுத்த இரண்டாவது முறைப்படி, நடப்புச் சொத்துகளில் கால் பங்கு தொழில் செய்பவரின் நீண்டகாலப் பணத்திலிருந்து வர வேண்டும். அதன்படி குறைந்தபட்ச நடப்பு விகிதம் 1.33. அனுமதிக் கடிதங்களில் அந்த எண் இன்றும் தென்படுவதற்கு இதுவே அடிப்படை.

ஒப்படைப்புக் குறிப்பில் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், மற்ற நான்கும் சரியாக இருந்தால்தான் இதை நம்பலாம் என்பதே. ஜூன் முடிவில் சரக்கு 190, டீலர் பாக்கி 310, மற்றவை 30 என நடப்புச் சொத்து 530 லட்சம். சிசி கடன் 236, சப்ளையர் பாக்கி 120, மற்றவை 44 என நடப்புக் கடன் 400 லட்சம். விகிதம் 1.33, வங்கி கேட்கும் அளவு. அடுத்த மாதமும் இதே தொகைகள் நிற்க, டீலர் பாக்கிக்குள் 90 நாள் தாண்டியது மட்டும் 28 லட்சத்திலிருந்து 70 லட்சமானாலும் விகிதம் அசையாது. வராத பாக்கியும் சொத்தாகவே எண்ணப்படுகிறது. அந்த 70 லட்சத்தையும், விற்காத சரக்கு 20 லட்சத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் 440ஐ 400 ஆல் வகுத்து 1.10தான் வரும். மாதந்தோறும் இரண்டையும் எழுதிவைப்பது நல்லது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் விரிந்தால், முடக்கம் வளர்கிறது.

இந்த விகிதத்தை ஒரே வாரத்தில் அழகாக்கவும் முடியும். மார்ச் கடைசி வாரத்தில் டீலர்களை நெருக்கி 60 லட்சம் வசூலித்துச் சிசி கணக்கில் கட்டினால் சொத்து 470, கடன் 340, விகிதம் 1.38. தொழிலில் புதிதாக ஒரு ரூபாயும் வரவில்லை. அதனால் மார்ச் 31 எண்ணை வைத்து மற்ற மாதங்களுக்கு அளவுகோல் போடக்கூடாது.

நடப்பு விகிதம் உண்மையில் கண்டுபிடித்துத் தரும் ஒரு தவறு உண்டு. குறுகியகாலப் பணத்தில் நீண்டகாலச் சொத்து வாங்குவதே அது. 30 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிஎன்சி லேத்தைச் சிசி கணக்கிலிருந்தே வாங்கியிருந்தால், 236 லட்சத்துக்குள் அந்த 30 லட்சமும் அடங்கியிருக்கும். டேர்ம் லோனில் வாங்கியிருந்தால் சிசி 206 லட்சமாக இருக்கும். ஓராண்டுத் தவணை 6 லட்சத்தைச் சேர்த்தாலும் நடப்புக் கடன் 376 லட்சம்தான், விகிதம் 1.41. வசூல், சரக்கு, பட்டுவாடா, லாபம் எதுவும் மாறாமல் நடப்பு விகிதம் மட்டும் இறங்கினால், இயந்திரம், கட்டடம், வீட்டுச் செலவு இவற்றில் எதற்கோ சிசி பணம் போயிருக்கிறது என்று தேட வேண்டும்.

குறிப்பை எழுதும் விதம்

ஒவ்வொரு விகிதத்துக்கும் சூத்திரத்தைவிட அதிகம் தேவைப்படுவது கணக்கெடுக்கும் இடம், இயல்பான எல்லை, அடுத்து செய்ய வேண்டிய வேலை ஆகியவை. வசூல் நாட்களுக்கான பத்தி இந்த மாதிரி இருக்கலாம்:

"வரி சேர்ந்த பில் தொகையிலிருந்து பின்னோக்கிக் கழித்துப் போடவும். ஜூனில் 65 நாள்வரை இயல்பு, ஜனவரியில் 60. ஐந்து நாளுக்கு மேல் ஏறினால் வயதுப் பட்டியலில் 60 நாள் தாண்டிய முதல் ஐந்து டீலர்களைப் பார்க்கவும். முதலில் நம் பக்கம் கிரெடிட் நோட் நிலுவை உண்டா என்று பார்த்துவிட்டு, பிறகு விற்பனை மேலாளரோடு சேர்ந்து போன் செய்யவும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போவதற்கு முன் முடிக்க வேண்டும்."

கடைசி வாக்கியத்தில் காலவரிசை இருக்கிறது. ஐந்து விகிதங்களையும் மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே, வங்கிக்கு அறிக்கை போவதற்கு முன் போட்டுவிட வேண்டும். டிராயிங் பவர் குறையப் போகிறது என்பது முன்பே தெரிந்தால் வசூலை முடுக்கலாம், கொள்முதலைத் தள்ளலாம், வங்கி மேலாளரிடம் தானே போய்ச் சொல்லலாம். வங்கி கண்டுபிடித்த பிறகு இவற்றில் பல வழிகள் அடைந்துவிடும்.

மாதந்தோறும் பார்க்க வேண்டாதவற்றையும் குறிப்பு சொல்ல வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தவணைகளைக் கட்டும் திறனைக் காட்டும் டிஎஸ்சிஆர் விகிதம் காலாண்டுக்கு ஒருமுறை போதும். கடனுக்கும் சொந்த முதலுக்கும் உள்ள விகிதம், முதலீட்டின் மீதான வருவாய் ஆகியவை மாதக் கணக்கில் அதிகம் அசையா. புதிய கடன் வாங்கும்போதும் ஆண்டு முடிவிலும் பார்த்தால் போதும்.

பொறுப்பேற்பவர் இந்தக் குறிப்பைச் சோதித்துப் பார்க்க நேரான வழி ஒன்று இருக்கிறது. தணிக்கை முடிந்த கடைசி மார்ச் கணக்கையும், முன்னவர் விகிதங்களை எழுதிவைத்த ஏதாவது இரண்டு மாதங்களின் ஏட்டையும் எடுத்து, குறிப்பில் உள்ளபடி ஐந்து விகிதங்களையும் தானே போட வேண்டும். முன்னவர் எழுதிய எண்ணே வந்தால் சூத்திரம் புரிந்துவிட்டது. வராவிட்டால் ஜிஎஸ்டி சேர்ந்ததா, தள்ளுபடி ஒதுக்கப்பட்டதா, ஓராண்டுத் தவணை எங்கே போனது என்ற மூன்றில் ஒன்றில்தான் வேறுபாடு இருக்க வாய்ப்பு அதிகம். முன்னவர் பணியில் இருக்கும்போதே ஒரு மாத முடிவை இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்தால் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.